ட்ரயல் வகுப்புக்கு அடுத்த நாள்

வீட்டுக்குப் போய்க் கணிதம் படிப்பிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு ட்ரயல் வகுப்பைவிட அடுத்த நாள் பின்னேரம் அம்மாவோடு கதைக்கிற பத்து நிமிடம்தான் கஷ்டம். வகுப்பில் இருப்பது பிள்ளையும் கொப்பியும் மட்டும். போனில் அம்மா, அவருக்குப் பின்னால் அப்பா, அநேகமாக வெளிநாட்டில் காசு அனுப்புகிற ஒரு மாமாவோ சித்தியோ, அதற்கும் பின்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளி எல்லாம் வந்து நிற்கும்.

வகுப்பு முடிந்து படலைக்கு வரும்போதே கேள்வி வந்துவிடும். "என்ன மாதிரி ரீச்சர், பிள்ளை பிடிச்சிடுவாளோ?" பிள்ளை விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் என்ன சொன்னாலும் அது அவளுக்கு ஒரு தீர்ப்பு. "கெட்டிக்காரி" என்றால் அம்மா அதை அடுத்த தவணைப் பரீட்சை வரைக்கும் வைத்திருந்து சொல்லிக்காட்டுவார். "அத்திவாரம் பலவீனம்" என்றால் அன்றைக்கு இரவுச் சாப்பாடே அந்தக் கதையோடுதான் நடக்கும். அதனால் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: "கொப்பியை வடிவாப் பாத்திட்டு நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறன் அக்கா." அது தட்டிக்கழிக்கிற கதை இல்லை. பிள்ளை எழுதின ஒற்றையை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பார்த்தால்தான் அவள் எங்கே விழுகிறாள் என்று எனக்கே தெரியும்.

அண்மையில் நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் எடுத்த வகுப்பைச் சொல்கிறேன். பிள்ளை தரம் 9. போன தவணை கணிதத்தில் 38. அப்பா கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருக்கால் வருவார். ரியூசன் காசு கனடாவில் இருக்கிற மாமாவின் பொறுப்பு. போனில் முதன்முதல் கதைத்தபோதே அம்மா காரணத்தையும் சொல்லிவிட்டார்: "எல்லாம் தெரியும் ரீச்சர், கவனக்குறைவுதான்."

ட்ரயல் வகுப்பில் நான் பாடம் எதுவும் படிப்பிப்பதில்லை. பன்னிரண்டு கணக்கு எழுதின ஒரு ஒற்றையைக் கொடுத்து, அழிறப்பரை வாங்கி என்னிடம் வைத்துக்கொண்டு, பிழை என்றால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே எழுதச் சொல்வேன். அழித்தால் பிழை போய்விடும், எனக்குத் தேவையானதும் அதோடு போய்விடும். திசைகொண்ட எண்களில் நாலு, அடைப்பு நீக்குவது மூன்று, எளிய சமன்பாடு இரண்டு, பின்னம் இரண்டு, கடைசியில் ஒரு வசனக் கணக்கு. எல்லாம் அவள் ஏற்கனவே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தவை.

எட்டுச் சரி, நாலு பிழை. இதை மட்டும் பார்த்தால் கவனக்குறைவு என்றுதான் எவரும் சொல்வார்கள். பின்னம் இரண்டும் சரி, வசனக் கணக்கும் சரி. (−4) × (−3) = 12 என்று சரியாக எழுதியிருந்தாள், 7 − (−2) = 9 என்றும் எழுதியிருந்தாள். 2 − 9 க்குக் கூட −7 சரியாக வந்திருந்தது. ஆனால் −5 − 3 க்கு 8.

ஏன் என்று கேட்டேன். "சயவும் சயவும் சக தானே மிஸ்." பெருக்கலுக்குச் சொல்லிக்கொடுத்த விதி கூட்டல் கழித்தலுக்குள் வந்து குந்திவிட்டது. சந்தேகம் தீர ஒற்றையின் பின்பக்கத்தில் இன்னும் மூன்று போட்டேன்: −4 − 6, −1 − 7, −10 − 2. யோசிக்காமல் 10, 8, 12 என்று எழுதினாள்.

கவனக்குறைவையும் விளங்காமையையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். கவனக்குறைவு இடம் மாறி மாறி வரும். ஒரு கணக்கில் 6 ஐ 0 என்று பார்த்து எழுதுவாள், இன்னொன்றில் அலகை விட்டுவிடுவாள், திருப்பிச் செய்யச் சொன்னால் தானே பிடித்துவிடுவாள். விளங்காத பிழை நின்ற இடத்திலேயே நிற்கும். திருப்பிச் செய்யச் சொன்னால் அதே பிழையை இன்னும் வேகமாக, இன்னும் தைரியமாகச் செய்வாள். "கவனமாச் செய், கவனமாச் செய்" என்று வீட்டில் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. அவள் கவனமாகத்தான் செய்கிறாள், பிழையான விதியைக் கவனமாகப் பாவிக்கிறாள்.

அடைப்புக் கணக்குகளில் இன்னொன்றும் இருந்தது. 5 − 2(x + 1) ஐ விரித்து 5 − 2x + 2 என்று எழுதி, விடை 7 − 2x என்றிருந்தாள். அடைப்புக்கு முன்னால் நிற்கிற சய முதல் உறுப்போடு நின்றுவிடுகிறது, இரண்டாவதுக்குப் போய்ச் சேர்வதில்லை. சரியான விடை 3 − 2x.

இரண்டு பிழையும் ஒரே கணக்கில் சந்தித்த இடம்தான் எனக்கு அந்த ஒற்றையிலேயே பெறுமதியான வரி. கணக்கு 3(x − 2) − 2(x − 5). அவள் எழுதியது 3x − 6 − 2x − 10. இங்கே சய இரண்டாவது உறுப்புக்குப் போகவில்லை, +10 வரவேண்டிய இடத்தில் −10. அடுத்த வரியில் −6 − 10 ஐச் சேர்க்கும்போது மற்றப் பிழை வந்து 16 ஆக்கிவிட்டது. கடைசி விடை x + 16. வரவேண்டியது x + 4. விடையை மட்டும் பார்த்துப் பிழைக்கோடு போடுகிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. நாலாவது பிழை 2x + 3 = −5 என்ற சமன்பாடு. 2x = −5 − 3 வரைக்கும் சரி, பிறகு 2x = 8, x = 4. இது பழைய முதலாவது பிழையேதான், சமன்பாட்டுக்குள் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆக நாலு பிழைக்கும் காரணம் இரண்டே இரண்டு. அடுத்த நாள் அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருந்தது.

நான் முதலில் போன் எடுத்துக் கதைத்துவிட்டு, கதைத்ததையே பிறகு வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவேன். முதலே எழுதி அனுப்பினால் அம்மா அதை வாசிக்கும் குரல் என் குரலாக இருக்காது, "இரண்டு இடத்தில் பிழை" என்பதை அவர் பயத்தோடு வாசிப்பார். கதைத்ததோடு விட்டுவிட்டாலும் சரிவராது. கிழமை இரண்டு போகக் காசைப் பற்றி நான் ஒன்று சொன்னதாகவும் அவர் இன்னொன்று கேட்டதாகவும் இருக்கும்.

போனில் புள்ளியும் பேசுவதில்லை, காசும் பேசுவதில்லை, முதலில் ஒற்றைதான். "அக்கா, பிள்ளையைக் கூப்பிடாதேங்கோ, நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் கதைப்பம். நேற்று செய்த ஒற்றையின்ர படம் அனுப்பியிருக்கிறன், அதைத் திறந்து வையுங்கோ. மூண்டாவது கணக்கைப் பாருங்கோ." அம்மா தரம் 9 கணிதத்தை மறந்திருக்கலாம், ஆனால் கடன் எல்லாருக்கும் விளங்கும். கடையில் அஞ்சு ரூபா கடன் இருக்கு, இன்னும் மூன்று ரூபா கடனுக்கு வாங்கினால் கையில் எட்டு ரூபா வந்துவிடுமா? அம்மா சிரித்துவிட்டார். "அப்ப இது கவனக்குறைவில்லையோ?" அந்தக் கேள்வி அவரிடமிருந்து வந்த பிறகுதான் நான் அடுத்ததுக்குப் போனேன்.

பள்ளிக்கூடத்து ரீச்சரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. "இதைப் பள்ளிக்கூடத்தில ஒழுங்காப் படிப்பிக்கேல்லையோ?" என்று அம்மாவே வழி எடுத்துத் தருவார். அந்த வழியில் போனால் அடுத்த பெற்றார் கூட்டத்தில் என் பெயரோடு அது வெளியே வரும், பிள்ளைதான் நடுவில் நிற்பாள். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒரு பிள்ளை −5 − 3 க்கு ஏன் 8 எழுதுகிறாள் என்று பக்கத்தில் இருந்து கேட்க எவருக்கும் நேரம் இல்லை. நான் அதை மட்டும் சொன்னேன்.

பிறகு நேர அட்டவணை. அம்மா மனதில் வைத்திருந்தது சனியும் ஞாயிறும், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம். மற்ற நாட்களில் ரியூட்டரி இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனால் இந்த மாதிரிப் பிழைக்கு அடுத்தடுத்த நாள் இரண்டு வகுப்பு வைத்துவிட்டுப் பிறகு ஐந்து நாள் விடுவதில் பலன் குறைவு. பிழையான விதி இரண்டு வருடமாகக் கையில் இருக்கிறது. சனி திருத்தினதை ஞாயிறும் சரியாகச் செய்வாள். புதன், வியாழன் பள்ளிக்கூடத்தில் அவசரமாகச் செய்யும்போது பழையதுதான் திரும்ப வரும். மூன்று, நாலு நாளுக்கு ஒருக்கால் திருப்பிப் பார்த்தால்தான் ஒட்டினதா இல்லையா என்று தெரியும். ஞாயிறு விடிய அவளுக்கு அறநெறி வகுப்பும் இருந்தது, அதைக் குழப்ப எனக்கு விருப்பம் இல்லை.

செவ்வாயும் சனியும் கேட்டேன். செவ்வாய் விஞ்ஞான ரியூசன் முடிந்து நாலேகாலுக்கு வீட்டுக்கு வருவாள். குளித்து, சாப்பிட்டு, ஐந்தேகாலுக்குத் தொடங்கினால் ஆறரைக்கு முடியும். சனி காலை எட்டரை. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணித்தியாலம். ஒன்றரை ஏன் இல்லை என்று அம்மா கேட்டார். ட்ரயல் வகுப்பை இரவு ஏழு மணிக்குக் கிட்டத் தொடங்கியிருந்தோம். ஒரு மணித்தியாலம் தாண்டின பிறகு அவளுடைய எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கியது. வசனக் கணக்கைச் சரியாகத்தான் செய்தாள், ஆனால் மேலே செய்த மூன்று கணக்குக்கு எடுத்த நேரத்தை அது ஒன்றே எடுத்தது. களைத்த பிள்ளையிடம் மேலதிகமாக வாங்குகிற கால் மணித்தியாலத்துக்கு நான் காசு வாங்க விரும்பவில்லை.

நல்லூர்த் திருவிழாவைத் தொடக்கத்திலேயே கதைத்துவிட வேண்டும். 25 நாள், கோயிலைச் சுற்றின வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், இவர்களுடைய வீடு தடைக்கு உள்ளே. பின்னேரம் ஸ்கூட்டியை எங்கேயாவது விட்டுவிட்டு சனத்துக்குள்ளால் நடந்து போய்ச் சேர்ந்தாலும், வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள், பிள்ளைக்கு மனம் சாமி பார்க்கப் போயிருக்கும். அதனால் அந்த நாட்களில் செவ்வாய் வகுப்பை நிறுத்திவிட்டு சனி விடிய ஆறரைக்கு மட்டும் வருவதாகச் சொன்னேன், தடைக்கு வெளியே ஸ்கூட்டியை விட்டுவிட்டு நடந்து. தேர், தீர்த்தம் வருகிற கிழமை வகுப்பே இல்லை.

இதனால்தான் நான் மாதக் கணக்கில் காசு வாங்குவதில்லை. எங்கள் ஊரில் மாதம் என்பது நம்பக்கூடிய அளவில்லை. ஒரு மாதத்தில் திருவிழா, இன்னொன்றில் செத்தவீடு, வேறொன்றில் மாரி மழை, பிறகு தவணை விடுமுறை. மாதம் என்று வைத்தால் நாலு வகுப்பு நடந்த மாதத்துக்கு முழுக்காசு தர அவர்களுக்கு மனம் வராது, அரைவாசி கேட்க எனக்கும் மனம் வராது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு மனதுக்குள் கணக்குப் பார்ப்போம். எட்டு வகுப்பு ஒரு சுற்று. மணித்தியாலத்துக்கு 1,000 ரூபா, ஒரு வகுப்பு 1,250, எட்டுக்கு 10,000. எட்டாவது வகுப்பு முடிந்த பிறகு காசு. கொப்பியின் கடைசி ஒற்றையில் திகதி போட்டு அம்மா கையெழுத்து வைப்பார், எத்தனை நடந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ட்ரயல் வகுப்புக்கு நான் காசு வாங்குவதில்லை. அரைக்காசு வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள், அதிலும் பிழை இல்லை, ஒரு பின்னேரம் போகத்தானே செய்கிறது.

சொல்லக் கூச்சமான பகுதி வகுப்பு நின்றுபோவது. பிள்ளைக்குக் காய்ச்சல், ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றால், அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்னம் ஒரு மெசேஜ் போட்டால் போதும், கணக்கில் சேராது. நான் படலை வரைக்கும் வந்து, "ஐயோ ரீச்சர், சொல்ல மறந்து போனன், பிள்ளை பெரியம்மா வீட்டை போட்டா" என்றால் அந்த வகுப்பு எட்டில் ஒன்று. நான் வராமல் விட்டால் அதை வேறு நாள் எடுத்துத் தருவேன். இதை முதல் கதையிலேயே சொல்லாமல், அப்படி ஒரு நாள் நடந்த பிறகு சொன்னால் அது சண்டை. ஒரு வீட்டில் அப்படியே இழுபட்டு இழுபட்டு மூன்று வகுப்புக் காசை நான் கேட்காமலே விட்டேன், அவர்களும் தராமலே விட்டார்கள், பிறகு கோயிலில் கண்டால் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்க்கிற நிலை.

காசை என்வலப்பில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வேன். வகுப்பு முடிந்ததும் பிள்ளை என்வலப்பை நீட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை. தன் புள்ளிக்கு வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு அவள் தலையில் ஏறிவிடும். வங்கியில் போட்டுவிட்டு ஒரு படம் அனுப்பினால் போதும்.

கதைத்து முடித்து அன்றிரவு அனுப்பியது இது:

"வணக்கம் அக்கா. கதைச்சதைச் சுருக்கமா எழுதிறன், அண்ணாவுக்கும் அனுப்பலாம். நேற்று தந்த 12 கணக்கில 8 சரி. பின்னமும் வசனக் கணக்கும் வடிவாச் செய்தவ. பிழைச்ச 4 க்கும் காரணம் ரெண்டு: ஒண்டு, ரெண்டு சய எண்ணைச் சேர்க்கேக்க பெருக்கல் விதியைப் பாவிக்கிறா (−5 − 3 = 8). மற்றது, அடைப்புக்கு முன்னால இருக்கிற சயவை முதல் உறுப்புக்கு மட்டும் குடுக்கிறா. முதல் எட்டு வகுப்பிலயும் இந்த ரெண்டையும், இதை வைச்சு வாற சமன்பாடுகளையும் மட்டும் செய்வம். கேத்திரகணிதம் இப்ப தொடமாட்டன், அதால இந்தத் தவணைப் புள்ளி பெரிசா ஏறாமல் விடலாம். எட்டாவது வகுப்பில இதே மாதிரி 12 கணக்கு, எண்களை மாத்திக் குடுப்பன், ரெண்டு ஒற்றையையும் நீங்கள் பக்கத்தில வைச்சுப் பாக்கலாம். செவ்வாய் 5.15, சனி காலை 8.30, ஒண்டேகால் மணித்தியாலம். எட்டு வகுப்புக்கு 10,000 ரூபா, எட்டு முடிய. வகுப்பு இல்லையெண்டால் அண்டைக்கு மத்தியானத்துக்கு முன்னம் சொல்லுங்கோ. திருவிழா நாளில சனி விடிய 6.30 மட்டும். யோசிச்சு வெள்ளிக்கு முன்னம் சொன்னால் காணும்."

புள்ளி ஏறாமல் விடலாம் என்று எழுதினதுக்கு என்னோடு படிப்பிக்கிற ஒருவர் பேசினார். "முதலே அப்பிடிச் சொன்னால் ஆர் பிள்ளையைத் தருவினம்?" என்றார். தராதவர்கள் தராமல் விடட்டும். தவணைப் பரீட்சை வினாத்தாளில் அட்சரகணிதம் ஒரு பங்குதான். எட்டு வகுப்பில் ஒரு பங்கைத் திருத்திவிட்டு முழுப் புள்ளிக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. அடுத்த வருடம் தரம் 10, சாதாரண தரப் பாடத்திட்டம் தொடங்கிவிடும். அங்கே காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு எல்லாம் இந்தச் சயவின் மேல்தான் ஏறி நிற்கும். நான் அவசரப்பட்டது அதுக்குத்தான்.

மெசேஜ் கனடாவுக்குப் போய்விட்டது என்பது அடுத்த நாள் விடிய ஒரு குரல் பதிவு வந்தபோது தெரிந்தது. அங்கே முன்னிரவு, மாமா வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகக் கதைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் கேள்வி மூன்றும் நேரே வந்தன. ரியூட்டரியில் ஒரு மாதத்துக்கே இதில் ஒரு சிறுதுண்டுதான் வருகிறது, ஏன் இவ்வளவு? கிழமைக்கு நாலு நாள் போட்டால் கெதியாய் முடியாதோ? எப்ப 75 எடுப்பா?

காசுக் கேள்விக்கு நான் கோபிப்பதில்லை, தூரத்தில் இருந்து உழைத்து அனுப்புகிறவர் கேட்கத்தான் வேண்டும். ரியூட்டரி மலிவு, அதில் ஒரு சந்தேகமும் இல்லை. பாடத்திட்டத்தைக் கொண்டு ஓட அது நல்லது, விஞ்ஞானத்துக்கு அவள் அங்கேயே போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் அங்கே பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதும்போது அவளுடைய பிழை வெளியே வராது, கொப்பியில் எல்லாம் சரியாகவே இருக்கும். அவளுடைய அட்சரகணிதக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. நாலு நாளுக்குப் பதில், வகுப்பில்லாத ஒவ்வொரு நாளும் ஐந்து கணக்கு, பத்து நிமிடம், அதற்குக் காசு இல்லை. 75 க்கு நான் திகதி சொல்லவில்லை. எட்டு வகுப்பு முடிய ஒற்றை அனுப்புகிறேன், அதைப் பார்த்து நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுங்கள் என்றேன். அன்றைக்கே "சரி தங்கச்சி, தொடங்குங்கோ" என்று வந்தது.

நடந்த எட்டு வகுப்பையும் விவரிக்கத் தேவையில்லை. எண்கோட்டில் −5 இல் பென்சிலை வைத்து, "இன்னும் மூண்டு கழிக்கப் போறம், எந்தப் பக்கம்?" என்று கேட்டு, அவள் இடப்பக்கம் போய் −8 இல் நின்ற அன்றைக்கே முதல் பிழை விளங்கிவிட்டது. ஆனால் விளங்கின நாளில் சரியாகச் செய்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு வகுப்பும் தொடங்க முன்னம், கொப்பியைத் திறக்காமல், போன வகுப்பில் இருந்து மூன்று கணக்கு. செவ்வாய்க்கிழமைகளில் சரியாக வந்தது. முதல் இரண்டு சனியும் பழையது எட்டிப்பார்த்தது. இடைவெளி ஒரு நாள் கூடினதுக்கே அப்படி. மூன்றாவது சனியில் வரவில்லை. இன்னொரு அடையாளம், விடையை நேரே எழுதாமல் இடைவரியை அவளாகவே எழுதத் தொடங்கியது. அடைப்புக்கு வெளியிலிருந்து உள்ளே இரண்டு உறுப்புக்கும் சின்னதாக அம்புக்குறி போடுவாள், நான் கேட்காமலே.

எட்டாவது வகுப்பில் 12 க்கு 11. பிழைத்தது 4 − 3(x − 2). அவள் எழுதினது 4 − 3x − 6. 10 − 3x வரவேண்டும். இரண்டு அடைப்பு இருக்கிற கணக்கில் அம்புக்குறி போட்டுச் சரியாகச் செய்தவள், முன்னால் தனி எண் ஒன்று நின்றதும் அம்புக்குறியை மறந்துவிட்டாள். ஆக முதலாவது பிழை போய்விட்டது, இரண்டாவது முக்கால்வாசி போய்விட்டது. இரண்டு ஒற்றையையும் பக்கத்துப் பக்கம் வைத்துப் படம் எடுத்து, இதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

அதே கிழமை தவணைப் பரீட்சை விடைத்தாளும் கைக்கு வந்தது. 44. அம்மாவின் குரல் போனிலேயே இறங்கியிருந்தது: "பத்தாயிரத்துக்கு ஆறு புள்ளி ரீச்சர்." விடைத்தாளைப் பார்க்காமல் எதுவும் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை போய் விறாந்தையில் இருந்து மூன்று பேருமாகப் பார்த்தோம். இந்த முறை பிள்ளையையும் கூடவே இருத்தினேன், ஏனென்றால் காட்டுவதற்கு அவளுடைய கையெழுத்திலேயே நல்லது இருந்தது. அட்சரகணித வினாக்களில் விரிவும் சமன்பாடும் முழுப்புள்ளி. சமாந்தரக் கோடுகளும் கோணங்களும் வந்த இரண்டு பெரிய வினாவில் ஒன்றை வெறுமையாக விட்டிருந்தாள், மற்றதில் விடை சரி, காரணம் எழுதவில்லை. பரப்பளவுக் கணக்கில் அலகு இல்லை. அதுதான் உண்மையான கவனக்குறைவு, அதையும் அம்மாவுக்குக் காட்டினேன். "இதுக்கு நீங்கள் பேசலாம் அக்கா" என்றேன். பிள்ளை என்னை முறைத்தாள்.

அடுத்த சுற்று எட்டில் ஐந்து கேத்திரகணிதம், மூன்று அட்சரகணிதம் என்று பேசி முடித்தோம். காரணம் எழுதும் பழக்கம் வர ஐந்தும் காணாது என்றுதான் நினைக்கிறேன், அதையும் மெசேஜில் போட்டேன். நாளும் நேரமும் காசும் மாற்றமில்லை.

எழும்பும்போது அம்மா இன்னொன்று கேட்டார். தரம் 6 படிக்கிற தம்பியையும் சனிக்கிழமை பக்கத்தில் இருத்தினால் என்ன, ஒரே நேரம்தானே, கொஞ்சம் கூட்டித் தரலாம். இது எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி. பக்கத்தில் இருத்தினால் நான் அவனுக்குக் கணக்குக் கொடுக்கிற நேரத்தில் இவள் விடையைப் பார்த்துத் திருத்திவிடுவாள், நான் காணமாட்டேன், இருவருக்கும் சேர்த்து ரியூட்டரி மாதிரி ஆகிவிடும். அவனுடைய அக்காவின் வகுப்பு முடிந்த பிறகு தனியாக முக்கால் மணித்தியாலம், 750 ரூபா, தனிக் கொப்பி, அதற்கு முன் அவனுக்கும் ஒரு ஒற்றை என்றேன். கனடாவுக்குக் கதைத்துவிட்டுச் சொல்வதாக அம்மா சொல்லியிருக்கிறார்.